பல வருடம் பேசாதவருக்கு ஒரு மெசேஜ்: நான்கு வழிகளில் எது?

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் குவாலிட்டி பார்ப்பவரை எடுத்துக்கொள்வோம். 2018-ல் ராணிப்பேட்டையில் தோல் பதனிடும் டேனரி ஒன்றில் இருந்த டெக்னீஷியனோடு இரண்டு மாதம் தினமும் பேசி வேலை செய்திருக்கிறார். சண்டை எதுவும் இல்லை. லாட் முடிந்தது, டெக்னீஷியன் வேறு இடம் போனார், பேச்சு நின்றது. இப்போது அவர் சென்னையில் ஒரு கெமிக்கல் கம்பெனியில் இருப்பதாகக் கேள்வி. நம்பர் இன்னும் போனில் இருக்கிறது. உடனடியாக அவரிடம் ஆகவேண்டிய காரியம் ஒன்றும் இல்லை, ஆனால் அந்தப் பழக்கம் அறுந்துபோவதிலும் விருப்பமில்லை. என்ன எழுதி அனுப்புவது?

நம் பக்கத்தில் பெரும்பாலானவர்கள் கையில் எடுப்பது நான்கு வழிகளில் ஒன்று: பண்டிகை வாழ்த்து, வெறும் 'எப்படி இருக்கீங்க', பழைய வேலையை நினைவுபடுத்திவிட்டு ஒன்றும் கேட்காமல் முடிப்பது, பழைய வேலையை நினைவுபடுத்திவிட்டுக் கேட்க வேண்டியதையும் அதிலேயே கேட்பது. நான்கும் ஒரே வேலையைச் செய்வதில்லை.

பண்டிகை வாழ்த்தைச் சீக்கிரமே ஒதுக்கிவிடலாம். ரம்ஜானுக்கும் பொங்கலுக்கும் ஒருவர் போனில் விழும் படங்களுக்குக் கணக்கே கிடையாது. மொத்தமாக எல்லோருக்கும் போன ஒன்று என்பது பார்த்தவுடனே தெரிந்துவிடும். அவரும் பதிலுக்கு ஒரு படத்தைத் தட்டிவிடுவார். இரண்டு படங்களும் ஒன்றையொன்று சமன் செய்துகொண்டு அங்கேயே நின்றுவிடும். ஏற்கனவே பேச்சுவார்த்தை இருப்பவர்களுக்கு வாழ்த்து போதும். பல வருடம் பேசாதவரிடம் அது நம்பர் இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று பார்ப்பதற்குத்தான் உதவும்.

'வணக்கம் பாய், எப்படி இருக்கீங்க?' என்பது மரியாதையானதுதான், ஆனால் வாங்குபவருக்கு அதைவிடச் சங்கடமான மெசேஜ் இல்லை. பல வருடம் கழித்து இப்படி ஒன்று வந்தால் மனம் உடனே கணக்குப் போடும்: சீட்டு சேர்க்கவா, இன்ஷூரன்ஸா, பையனுக்கு வேலையா, கைமாற்றா, கல்யாணப் பத்திரிகையா? 'நல்லா இருக்கேன், நீங்க?' என்று எழுதிவிட்டு, அடுத்த வரியில் விஷயம் வரும் என்று காத்திருப்பார். வரவில்லை என்றால் சந்தேகம் கூடும், வந்தால் எரிச்சல் கூடும். இன்னொரு காரணமும் இப்போது சேர்ந்திருக்கிறது. திருடப்பட்ட வாட்ஸ்அப் கணக்கிலிருந்து பணம் கேட்பவர்களும் இதே வரியில்தான் ஆரம்பிக்கிறார்கள். எழுதியது நீங்கள்தான் என்பதற்கு அந்த வரிக்குள் எந்த அடையாளமும் இல்லை.

மூன்றாவது வழியின் பலம் இங்கேதான் தெரிகிறது. உங்கள் இருவருக்கு மட்டுமே தெரிந்த ஒரு வேலை விவரம் உள்ளே இருந்தால், எழுதியது யார் என்ற சந்தேகமும், ஏன் எழுதினார் என்ற சந்தேகமும் ஒரே வரியில் தீர்ந்துவிடும்.

எழுதப் போகிறவரைத் தடுப்பது பெரும்பாலும் 'இத்தனை வருஷம் கழிச்சு எழுதினா என்ன நினைப்பாரு' என்ற கூச்சம். இதை ஆராய்ச்சியாளர்கள் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். பெக்கி லியூவும் உடன் ஆராய்ந்தவர்களும் 2022-ல் வெளியிட்ட ஆய்வில், அனுப்புகிறவர் எதிர்பார்ப்பதைவிட வாங்குகிறவர் அதிகமாக மகிழ்கிறார் என்று வந்தது. எதிர்பாராத நேரத்தில் வந்தால் அந்த வித்தியாசம் இன்னும் கூடுகிறது. வேலை விஷயத்தில் இப்படிப்பட்ட பழக்கங்களுக்கு என்ன மதிப்பு என்பதை டேனியல் லெவினும் அவருடைய கூட்டாளிகளும் 2011-ல் எழுதினார்கள். பிரிந்திருந்த காலத்தில் அந்தப் பழைய ஆள் வேறு ஆட்களோடு வேறு வேலை பார்த்திருப்பார், அதனால் தினமும் பார்க்கிற ஆட்களிடம் கிடைக்காத புதிய தகவல் அவரிடம் இருக்கும். பழைய நம்பிக்கையோ அப்படியே மிச்சம் இருக்கும். இரண்டும் சேர்ந்து ஒரே ஆளிடம் கிடைப்பது அபூர்வம்.

எந்த நினைவை எடுப்பது

மெசேஜின் பாதி வேலை இதில் முடிந்துவிடுகிறது. நம் ஆம்பூர்க்காரரிடம் இருக்கும் நினைவுகளைப் பார்ப்போம். ஒன்று, இருவரும் லாரிக்காக இரவு பதினோரு மணி வரை காத்திருந்தது. இரண்டு, ஷேட் ஒத்து வராமல் முழு லாட்டும் திரும்பிப் போனது. மூன்று, ஷூவின் மேல்பாகத்துக்கான கருப்பு அப்பர் தோல் ஒன்று குரோம் ஆறு டெஸ்டில் ஃபெயில் ஆனதும், அதற்குக் காரணத்தை அவர் கண்டுபிடித்ததும்.

முதலாவது இனிமையானது, ஆனால் யாரோடு வேண்டுமானாலும் நடந்திருக்கக்கூடியது. இரண்டாவதைத் தொடவே கூடாது. திரும்பிப் போன லாட்டில் அவருடைய பங்கு என்ன என்பது உங்களுக்கு மறந்திருக்கலாம், அவருக்கு மறந்திருக்காது. மூன்றாவதுதான் சரி. ஏன் என்பது அந்த வேலையைக் கொஞ்சம் தெரிந்துகொண்டால் புரியும்.

தோல் பதனிட நாம் போடுவது மூன்று இணைதிறன் குரோமியம். அது தன்னளவில் பிரச்சினை இல்லை. பின்னால் தோலை மெத்தென்றாக்கப் போடும் ஃபேட் லிக்கரில் சீக்கிரம் சிக்கு வாடை பிடிக்கும் ரக எண்ணெய் இருந்தால், அல்லது தோலின் அமிலத்தைக் குறைக்கும் நியூட்ரலைசேஷனில் பி.எச். அளவு மேலே போய்விட்டால், பிறகு தோல் சூட்டிலும் வறண்ட காற்றிலும் கிடந்தால், அதில் ஒரு துளி ஆறு இணைதிறனுக்கு, அதாவது தீங்கான குரோம் ஆறுக்கு மாறிவிடும். ஐரோப்பாவுக்குப் போகும் தோல் சாமானில் இது ஒரு கிலோவுக்கு 3 மில்லிகிராமை எட்டக்கூடாது என்பது 2015 மே முதல் விதி. டேனரியில் சரியாக இருந்த தோல் கிடங்கில் இருந்து எடுக்கும்போது ஃபெயில் ஆவது இதனால்தான். முன்கூட்டியே தெரிந்துகொள்ளத்தான் துண்டை 80 டிகிரியில் 24 மணி நேரம் வைத்துவிட்டு டெஸ்ட் செய்கிறார்கள்.

அன்று எல்லோரும் குரோம் போட்ட டிரம்மைச் சந்தேகப்பட்டபோது, 'டிரம்மை விடுங்க, எண்ணெயைப் பாருங்க' என்று சொன்னவர் அந்த டெக்னீஷியன் என்று வைத்துக்கொள்வோம். இந்த நினைவில் மூன்று விஷயங்கள் கூடி நிற்கின்றன. அவருடைய புத்தி அதில் தெரிகிறது. அதன் பலன் இன்றும் உங்கள் வேலையில் இருக்கிறது. இதை வெளியாள் யாரும் எழுதியிருக்க முடியாது. இந்த மூன்றும் இல்லாத நினைவு என்றால் இன்னொன்றைத் தேடுவது நல்லது.

அந்த லாட்டை வாங்கிய பையர் பெயரை மட்டும் எழுதக்கூடாது. இன்று அவர் இருக்கும் கம்பெனி அதே பையருக்கு வேலை செய்யலாம், போனை இன்னொருவர் பார்க்கலாம். ஆஸ்பத்திரியில் ஒன்றாக வேலை பார்த்தவர்களுக்கும் இதே எச்சரிக்கை: வார்டையும் நைட் டியூட்டியையும் நினைவுபடுத்தலாம், நோயாளியை வேண்டாம்.

எழுதிப் பார்த்தால்

முதல் முறை எழுதும்போது பெரும்பாலும் இப்படித்தான் வரும்:

'சலாம் பாய், எப்படி இருக்கீங்க? வீட்ல எல்லாரும் சௌக்கியமா? ரொம்ப நாளா பேசணும்னு நினைச்சேன், வேலை பிசியில முடியல, மன்னிச்சிடுங்க. நீங்க இப்ப பெரிய இடத்துல இருக்கீங்கன்னு கேள்விப்பட்டேன், ரொம்ப சந்தோஷம். நாம ஒண்ணா வேலை பார்த்ததை மறக்கவே முடியாது. நேரம் கிடைக்கும்போது ஒரு போன் பண்ணுங்க.'

தப்பு என்று ஒரு சொல்லையும் சுட்டிக்காட்ட முடியாது, ஆனாலும் வேலை செய்யாது. இரண்டு கேள்விகளுக்கு அவர் பதில் சொல்ல வேண்டும். மன்னிப்புக்கு 'பரவாயில்ல, நானும்தான் பேசல' என்று சமாதானம் சொல்ல வேண்டும். 'பெரிய இடம்' என்ற சொல்லைப் பார்த்ததும் ஏதோ வேண்டியிருக்கிறது என்று முடிவு கட்டிவிடுவார். 'மறக்கவே முடியாது' என்று சொல்லியிருக்கிறதே தவிர, எதை என்று இல்லை. கடைசி வரி ஒரு கோரிக்கை. 'நேரம் கிடைக்கும்போது' என்று எவ்வளவு மெதுவாகச் சொன்னாலும் போன் செய்ய வேண்டியது அவர்தான். ஒன்றும் கேட்காத மெசேஜ் என்று நினைத்துக்கொண்டு நான்கு வேலை கொடுத்திருக்கிறோம்.

அதே ஆள் திருத்தி எழுதியது:

'சலாம் பாய். ஆம்பூர் க்யூசில இருந்த (பெயர்). இன்னிக்கு ஒரு கருப்பு அப்பர் லாட்டுக்கு குரோம் ஆறு ரிப்போர்ட் வந்துச்சு, சுத்தமா இருக்கு. 2018ல நாம மாட்டிக்கிட்டப்ப, டிரம்மை விடுங்க, எண்ணெயைப் பாருங்கன்னு நீங்க சொன்னது ஞாபகம் வந்துச்சு. இன்னிக்கும் யாராவது ஃபேட் லிக்கர் மாத்தினா நாங்க முதல்ல அதைத்தான் கேக்கறோம். உங்ககிட்ட சொல்லணும்னு தோணுச்சு. பதில் போடணும்னு இல்ல பாய், நல்லா இருங்க.'

ஐம்பது சொல்லுக்குள்தான். வாட்ஸ்அப் அறிவிப்பில் முதல் வரிகள்தான் தெரியும் என்பதால் பெயரும் ஊரும் அங்கேயே வந்துவிட்டன. பழைய டிபியும் சேமித்த பெயரும் அவர் போனில் இருக்கும் என்று நம்பி உட்காரக்கூடாது. அடுத்து, இன்று ஏன் எழுதினேன் என்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது, அது உண்மையாகவும் இருக்க வேண்டும். ரிப்போர்ட் வராத நாளில் ரிப்போர்ட் வந்தது என்று எழுதினால், அவர் 'எந்த லேப்?' என்று கேட்கும்போது மாட்டிக்கொள்வோம். உண்மையான காரணம் கிடைக்கும் வரை ஒரு வாரம் காத்திருந்தாலும் பரவாயில்லை. கேள்விக்குறி ஒன்றுகூட இல்லை என்பதைக் கவனியுங்கள். அனுப்பும் முன் செய்யவேண்டிய ஒரே சோதனை அதுதான்: கேள்விக்குறியையும் 'பண்ணுங்க', 'சொல்லுங்க' என்று முடிகிற வரிகளையும் தேடி எடுத்துவிடுவது. 'நல்லா இருங்க' மட்டும் விதிவிலக்கு.

'பதில் போடணும்னு இல்ல' என்ற வரி தேவையா என்பதில் ஒரே கருத்து கிடையாது. நெருங்கிப் பழகியவருக்கு அது கொஞ்சம் அந்நியமாகப் படும், எடுத்துவிடலாம். மேலதிகாரியாக இருந்தவருக்கும், இப்போது பெரிய பொறுப்பில் இருப்பவருக்கும் வைத்திருப்பது நல்லது.

கூப்பிடும் முறையில்தான் நம் ஊரில் பலர் தடுமாறுகிறார்கள். அன்று 'பாய்' என்று கூப்பிட்டவர் இன்று ஜெனரல் மேனேஜர் என்றால் 'சார்' என்று எழுதத் தோன்றும். எழுதக்கூடாது. பழைய உறவைத்தான் எழுப்புகிறோம், அந்த உறவின் பெயர் 'பாய்'. 'அண்ணா', 'அக்கா' என்று கூப்பிட்டிருந்தாலும் அதேதான். அன்றே 'சார்' என்றிருந்தால் மட்டும் இன்றும் 'சார்'. ஆனால் 'டா' போட்டுப் பேசியவரிடம் முதல் மெசேஜில் 'டா' வேண்டாம், அவர் பக்கத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று தெரியாது. பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு எழுதிவிட்டு, அவர் 'டா' போட்ட பிறகு நீங்களும் போடலாம். தமிழ் எழுத்தா, ஆங்கில எழுத்தில் தமிழா என்ற கேள்விக்கும் விடை இதுவே: அன்று எப்படி மெசேஜ் போட்டுக்கொண்டீர்களோ அப்படி. பழைய சாட் அழியாமல் இருந்தால் மேலே தள்ளிப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

எதன் வழியாக, எப்போது

நம்பர் இருந்தால் வாட்ஸ்அப்தான். வாய்ஸ் மெசேஜ் வேண்டாம், அது என்னவென்று தெரிந்துகொள்ளவே அவர் தனியாக ஓர் இடம் தேட வேண்டும். நேரடியாக போன் செய்வது இன்னும் கனமானது: எடுத்தவுடனே அவர் ஏதாவது பேசியாக வேண்டும், இரண்டாவது நிமிடத்தில் 'சொல்லுங்க, என்ன விஷயம்' வந்தே தீரும்.

நம்பர் இல்லாமல் லிங்க்ட்இனில் மட்டும் கிடைத்தால், இணைப்புக் கோரிக்கையோடு போகும் குறிப்புக்கு 200 எழுத்துதான் என்று வைத்துக்கொண்டு எழுதுவது பாதுகாப்பு. தமிழில் இந்த எண்ணிக்கை ஏமாற்றும். கொம்பு, கால், புள்ளி எல்லாம் தனித்தனி எழுத்தாக எண்ணப்படும். கண்ணுக்கு இரண்டெழுத்தாகத் தெரியும் 'பாய்' அங்கே நான்கு. எஸ்எம்எஸ்ஸிலும் அப்படித்தான். ஆங்கிலத்தில் 160 எழுத்து போகிற இடத்தில் தமிழுக்கு 70தான், அதைத் தாண்டினால் துண்டு துண்டாகப் பிரித்துக் கணக்கிடுவார்கள். சுருக்கினால் இப்படி வரும், 140 எழுத்துக்குள் அடங்குகிறது:

'வணக்கம் பாய். ஆம்பூர் க்யூசி. 2018 குரோம் ஆறு லாட்ல எண்ணெயைப் பாருங்கன்னு நீங்க சொன்னது இன்னிக்கும் கைகொடுக்குது. சொல்லணும்னு தோணுச்சு.'

லிங்க்ட்இனில் பெயர் தானாகவே தெரியும், அதனால் அதை விட்டுவிடலாம்.

காலை ஆறு முதல் ஒன்பது வரை 'குட் மார்னிங்' பூக்களோடு சேர்ந்து புதைந்துவிடும். தோல் தொழிலில் மாதக் கடைசி ஷிப்மெண்ட் நாட்களும், வெள்ளிக்கிழமை ஜும்மா நேரமும் வேண்டாம். வாரநாளில் நாலு மணி டீ நேரம் நன்றாக இருக்கும்.

ஒரு டிக் மட்டும் விழுந்து இரண்டு மூன்று நாளாக அப்படியே நின்றால் போன் அணைந்திருக்கிறது, அல்லது அந்த நம்பரில் வாட்ஸ்அப் இல்லை, அல்லது பிளாக். இரண்டு டிக் விழுந்தும் டிபியில் முன்பின் தெரியாத குடும்பம் இருந்தால், நம்பர் கை மாறியிருக்கும். ரத்தான நம்பர் குறைந்தது 90 நாள் கழித்து வேறொருவருக்குப் போகலாம் என்பதுதான் இங்கே நடைமுறை. குரோம் ஆறு மெசேஜ் தவறான ஆளிடம் போனாலும் நஷ்டமில்லை. குடும்ப விவரம் எழுதியிருந்தால்தான் சிக்கல். அதை எழுதாமலிருக்க இதுவும் ஒரு காரணம்.

நான்காவது வழி எப்போது சரி

ஒன்றும் கேட்காத மெசேஜ் எல்லா இடத்துக்கும் பொருந்தாது. அடுத்த இரண்டு மூன்று வாரத்துக்குள் அவரிடம் ஒன்று கேட்டே ஆக வேண்டும் என்று இப்போதே தெரிந்தால் மூன்றாவது வழியை எடுக்கக்கூடாது. திங்கட்கிழமை 'சொல்லணும்னு தோணுச்சு' என்று எழுதிவிட்டு வெள்ளிக்கிழமை 'பாய், ஒரு சின்ன உதவி' என்றால், திங்கட்கிழமை எழுதியதும் பொய்யாகிவிடும். அடுத்த முறை உண்மையாகவே நினைத்து எழுதினாலும் நம்பமாட்டார். அப்படிப்பட்ட நேரத்தில் நான்காவது வழிதான் நேர்மை: அந்த நினைவை ஒரு வரியில் சொல்லி, அடுத்த வரியிலேயே கேட்டுவிடுவது. 'சலாம் பாய், ஆம்பூர் க்யூசி (பெயர்). 2018ல எண்ணெயைப் பாருங்கன்னு சொல்லி எங்களைக் காப்பாத்தினீங்க. இப்ப அதே மாதிரி ஒரு லாட்ல மாட்டியிருக்கேன், உங்களை ஒரு விஷயம் கேக்கலாமா?' இதில் சந்தேகத்துக்கே இடமில்லை, வேண்டியது ஒன்று இருக்கிறது என்று முதலிலேயே மேஜை மேல் வைத்தாகிவிட்டது. பலர் இதைத் தாழ்வாக நினைக்கிறார்கள். சுற்றி வளைத்து ஐந்து மெசேஜ் போடுவதைவிட இது எவ்வளவோ மேல்.

இரண்டு வழியும் வேண்டாத இடங்களும் இருக்கின்றன. அவர் இப்போது உங்கள் சரக்கைப் பாஸ் செய்யும் இன்ஸ்பெக்டராகவோ, உங்களிடம் கொட்டேஷன் கொடுத்திருக்கும் சப்ளையராகவோ இருந்தால், அந்தக் காரியம் முடியும் வரை எந்தப் பழங்கதையும் வேண்டாம். பாக்கி, செட்டில்மெண்ட் என்று பணம் இழுபறியில் இருந்தாலும் அப்படியே. எவ்வளவு நல்ல நினைவும் அங்கே அதற்கான பீடிகையாகத்தான் படிக்கப்படும்.

பதில் வந்தால்

கட்டைவிரல் மட்டும் வந்தால் அதோடு விட வேண்டும். மெசேஜ் போய்ச் சேர்ந்தது, வேலை முடிந்தது. 'அட, இன்னும் ஞாபகம் இருக்கா! இப்ப எங்க இருக்கீங்க?' என்று வந்தால் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லி, அவர் எழுதிய அளவுக்கே எழுதுவது நல்லது. மூன்று வரிக்கு முப்பது வரி போட்டால் அவர் பின்வாங்கிவிடுவார். 'நல்லது பாய், என்ன விஷயம்?' என்று வருவதும் சகஜம். 'ஒண்ணும் இல்ல பாய், ரிப்போர்ட் பார்த்ததும் தோணுச்சு, அவ்வளவுதான்' என்று எழுதிவிட்டு உண்மையிலேயே நிறுத்திக்கொள்ள வேண்டும். இந்த இடத்தில் 'ஆமா, ஒரு விஷயம்...' என்று ஆரம்பித்தால் அவ்வளவும் வீண்.

பதிலே வராவிட்டால் 'பார்த்தீங்களா?' என்று இரண்டாவது போடக்கூடாது. நீல டிக்கை அணைத்து வைத்திருப்பவர்கள் ஏராளம், படித்து மகிழ்ந்துவிட்டு எழுத நேரமில்லாமல் விட்டவர்களும் ஏராளம். நான்கைந்து மாதம் கழித்து இன்னொரு உண்மையான காரணம் கிடைத்தால் மறுபடி எழுதலாம். அதற்கும் பதில் இல்லையென்றால் நிறுத்திவிடலாம்.

பேச்சு மீண்டும் ஓட ஆரம்பித்து, சில மாதம் கழித்து உண்மையில் ஒன்று கேட்க வேண்டி வந்தால், அதைத் தனி மெசேஜாக, முதல் சொல்லிலேயே வெளிப்படையாக எழுதுவதுதான் முறை. அதில் பழைய நினைவு எதையும் கலக்க வேண்டியதில்லை: 'பாய், இது ஒரு உதவி கேக்கற மெசேஜ். மைமோசா சேர்த்து ரீடேன் பண்ணா குரோம் ஆறு குறையுதான்னு ஒரு டேனரிக்காரர் கேக்கறாரு. உங்க அனுபவத்துல எப்படின்னு சொன்னீங்கன்னா போதும், அவசரம் இல்ல.'